நாக்கில் கரைந்தால் ஐந்து நிமிடத்தில் வேலை செய்யுமா?

"டாக்டர், எனக்கு வயது 58. இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மி.கி., புராஸ்டேட் வீக்கத்துக்கு இரவில் டாம்சுலோசின் 0.4 மி.கி. என இரண்டு வருடமாக எடுக்கிறேன். விறைப்பு பாதியில் தளர்ந்துவிடுகிறது என்று சொன்னதும் சில்டெனாஃபில் 50 எழுதிக் கொடுத்தார்கள். ஒரு நாள் பலமான இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 10 மணிக்குப் போட்டேன். முக்கால் மணி நேரமாகியும் ஒன்றும் தெரியவில்லை என்று இன்னொன்றையும் போட்டுவிட்டேன். நள்ளிரவுக்கு மேல் மூக்கு அடைத்துக்கொண்டு தலை விண்ணென்று வலித்தது. விளக்கைப் பார்த்தால் நீலமாகத் தெரிந்தது. பிறகு டடாலஃபில் 20 கொடுத்தார்கள். அது வேலை செய்தது, ஆனால் மறுநாளிலிருந்து இரண்டு நாள் இடுப்பும் தொடையும் வலி. இப்போது நண்பர் ஒருவர் நாக்கில் கரையும் வார்டெனாஃபில் 10 தந்திருக்கிறார். நேராக இரத்தத்தில் கலக்கும், ஐந்து நிமிடத்தில் வேலை செய்யும், பக்கவிளைவே இல்லை என்கிறார். அவனாஃபில்தான் இருப்பதிலேயே நல்லது என்றும் கேள்விப்பட்டேன். எனக்கு எது சரி?"

ஐயா, நண்பர் தந்த மாத்திரையைப் போட வேண்டாம். வார்டெனாஃபில் கெட்ட மருந்து என்பதால் இதைச் சொல்லவில்லை. நீங்கள் எடுக்கும் டாம்சுலோசினோடு அந்த வடிவத்தில் அதைத் தொடங்கக் கூடாது என்பதுதான் காரணம்.

டாம்சுலோசின் ஆல்ஃபா தடுப்பான் வகை மருந்து. சிறுநீர்ப் பாதையின் தசையைத் தளர்த்துவதுதான் அதன் வேலை என்றாலும், இரத்தக் குழாய்களையும் ஓரளவு தளர்த்தும். விறைப்புக்கான மாத்திரைகளும் இரத்தக் குழாய்களைத் தளர்த்தித்தான் வேலை செய்கின்றன. இரண்டும் உடம்பில் ஒன்றாக இருக்கும்போது, படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம், சிலர் மயங்கியும் விழுவார்கள். அதனால் ஆல்ஃபா தடுப்பான் எடுப்பவர்கள் வார்டெனாஃபிலை 5 மி.கி. அளவில், விழுங்கும் சாதாரண மாத்திரையாகத்தான் தொடங்க வேண்டும். நாக்கில் கரையும் வடிவம் 10 மி.கி. அளவில் மட்டுமே வருகிறது. போதாததற்கு, அந்த 10 மி.கி. விழுங்கும் 10 மி.கி.க்குச் சமமும் அல்ல. கரையும் மாத்திரையிலிருந்து இரத்தத்தில் சேரும் மருந்து அதைவிடக் கூடுதல். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை மாற்றிப் போடக் கூடாது என்று சொல்வது இதனால்தான். பாதியாக உடைத்துப் போடலாமே என்று தோன்றும். அந்த மாத்திரை பொருபொருவென்று உதிரும், சரியான பாதி கையில் நிற்காது.

கரைவது வேறு, வேலை செய்வது வேறு

நாக்கில் கரையும் மாத்திரை நேராக இரத்தத்தில் கலக்கிறது என்பது பரவலாக இருக்கும் நம்பிக்கை. நாக்குக்கு அடியில் வைக்கும் நெஞ்சுவலி மாத்திரையைப் பார்த்து வந்த எண்ணமாக இருக்கலாம். இந்த மாத்திரை அப்படி வேலை செய்வதில்லை. சில நொடிகளில் எச்சிலில் கரைந்துவிடும், அந்த எச்சிலை நாம் விழுங்குகிறோம், பிறகு பெரும்பாலான மருந்து குடல் வழியாகத்தான் உள்ளே போகிறது. கரையும் வார்டெனாஃபில் வெறும் வயிற்றில் இரத்தத்தில் உச்ச அளவைத் தொடவே 45 முதல் 90 நிமிடம் ஆகும். விழுங்கும் மாத்திரையைவிட இது வேகம் இல்லை. உறவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பு என்ற கணக்கு இதற்கும் பொருந்தும்.

அப்படியானால் இது எதற்கு? மாத்திரை விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கும், தண்ணீர் தேடாமல், யார் கண்ணிலும் படாமல் போட்டுக்கொள்ள நினைப்பவர்களுக்கும் நல்ல வசதி. மருந்து அதே மருந்து, பக்கவிளைவும் அதேதான்.

இதைப் போடும் முறையிலும் பலர் தவறு செய்கிறார்கள். மற்ற மாத்திரை போல அட்டையின் பின்பக்கத்தை விரலால் அழுத்தினால் உள்ளேயே நொறுங்கிவிடும். உலர்ந்த கையால் மேல் தாளை உரித்து, வெளியே எடுத்த உடனேயே நாக்கின் மேல் வைக்க வேண்டும். முன்கூட்டியே உரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளக் கூடாது. தண்ணீர் குடிக்கக் கூடாது. பழக்கதோஷத்தில் ஒரு மடக்குத் தண்ணீரோடு விழுங்கினால் உடம்பில் சேரும் மருந்து ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். கரையும் மாத்திரை எனக்கு வேலை செய்யவில்லை என்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, தண்ணீர் குடித்தீர்களா என்பதுதான்.

சில்டெனாஃபிலும் நாக்கில் கரையும் வடிவத்தில் கிடைக்கிறது. கரைகிறது என்பதால் சாப்பாடு அதைத் தடுக்காது என்று நினைத்துவிடாதீர்கள். கொழுப்பு நிறைந்த உணவுக்குப் பிறகு போட்டால் அது உச்சத்துக்கு வர மூன்று மணி நேரத்துக்கு மேல்கூடத் தாமதமாகும்.

உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதது மருந்தா, அளவா?

சில்டெனாஃபில் போட்ட அந்த இரவைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். பலமான சாப்பாட்டுக்கு மேல் போட்டால் விழுங்கும் சில்டெனாஃபில் உச்சத்தைத் தொட ஒரு மணி நேரம் வரை பின்னுக்குப் போகும், உச்ச அளவும் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். முக்கால் மணி நேரத்தில் ஒன்றும் தெரியாதது மருந்தின் குற்றம் இல்லை. அது இன்னும் வயிற்றிலேயே காத்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் இரண்டாவதையும் போட்டதால், நள்ளிரவுக்கு மேல் இரண்டும் சேர்ந்து வந்திருக்கின்றன. உங்களைப் படுத்தியது 50 மி.கி. அல்ல, 100 மி.கி. அளவுதான். டாம்சுலோசின் எடுப்பவருக்குச் சில்டெனாஃபிலின் தொடக்க அளவு 25 மி.கி.தான். அதாவது உங்களுக்கு உரிய தொடக்க அளவைப் போல நான்கு மடங்கு ஒரே இரவில் உள்ளே போயிருக்கிறது. இரவில் சிறுநீர் கழிக்க எழுந்தபோது மயங்கி விழாமல் தப்பித்தீர்கள், அதுவே பெரிய விஷயம். சில்டெனாஃபில் எனக்கு ஆகாது என்று முடிவு கட்டுவதற்கு அந்த ஓர் இரவு போதாது.

ஆனாலும் அன்று வந்த தொந்தரவுகள் எல்லாம் ஒரே வகை அல்ல. எந்த மருந்துக்கு மாறினால் எது குறையும் என்பது அதைப் பொறுத்தது.

தலைவலி, மூக்கடைப்பு, முகம் சூடாகிச் சிவப்பது ஆகிய மூன்றும் ஒரு குடும்பம். ஆண்குறியில் பிடிஇ 5 என்ற நொதியைத் தடுத்துத்தான் இந்த மாத்திரைகள் இரத்த ஓட்டத்தைக் கூட்டுகின்றன. அதே நொதி மூக்கு, தலை, முகத்தின் இரத்தக் குழாய்களிலும் இருக்கிறது. மருந்து செய்ய வேண்டிய வேலையை வேறு இடத்திலும் செய்கிறது, அவ்வளவுதான். ஆகவே நான்கு மருந்துகளிலும் இவை வரலாம். மருந்தை மாற்றுவதைவிட அளவைக் குறைப்பதே இவற்றுக்கு நல்ல வழி. வார்டெனாஃபிலுக்கு மாறினால் தலைவலி ஓடிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நீலமாகத் தெரிவது வேறு கதை. கண்ணின் விழித்திரையில் பிடிஇ 6 என்ற பக்கத்து வீட்டு நொதி இருக்கிறது. சில்டெனாஃபில் பிடிஇ 5-ஐத் தடுக்கும் அளவைப் போலச் சுமார் 10 மடங்கு இருந்தாலே இதையும் தொட்டுவிடும். அளவு கூடும்போது நீலச் சாயலும் வெளிச்சம் கூசுவதும் வருவது அதனால்தான். வார்டெனாஃபில் இதில் சற்றே பரவாயில்லை. அவனாஃபிலுக்கு அந்த இடைவெளி 100 மடங்குக்கு மேல், எனவே கண் தொந்தரவு மிக அரிது. மருந்தை மாற்றினால் உண்மையிலேயே பலன் கிடைக்கும் தொந்தரவு இது.

இடுப்பு, தொடை வலி டடாலஃபிலோடு அதிகம் சேர்த்துப் பேசப்படுவது. போட்ட 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, பெரும்பாலும் இரண்டு நாளில் தானாகப் போய்விடும். உங்களுக்கு வந்தது அச்சு அசல் அதுவே. தசையிலோ முதுகெலும்பிலோ எதுவும் கெட்டுவிடவில்லை. டடாலஃபில் உடம்பில் பாதியாகக் குறையவே 17 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதன் பலன் 36 மணி நேரம் வரை நிற்பதற்கும், வலி இரண்டு நாள் இழுப்பதற்கும் இந்த நீண்ட தங்கலே பொருத்தமான காரணமாகத் தெரிகிறது. சில்டெனாஃபிலும் வார்டெனாஃபிலும் நான்கைந்து மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஒத்துக்கொள்ளாவிட்டாலும் தொந்தரவு ஓர் இரவோடு முடியும்.

வார்டெனாஃபிலா, அவனாஃபிலா?

இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் விஷயத்தில் என் கை அவனாஃபில் பக்கம்தான் நீள்கிறது. அது சில்டெனாஃபிலைவிட வலிமையானது என்பதால் அல்ல. அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. உங்களைத் தொந்தரவு செய்த நீலப் பார்வையும் நீண்ட வலியும் இதில் குறைவாக எதிர்பார்க்கலாம் என்பதும், 50 மி.கி. என்ற சிறிய அளவில் தொடங்க முடியும் என்பதும்தான் காரணம். ஆல்ஃபா தடுப்பான் எடுப்பவருக்கு உரிய தொடக்க அளவும் அந்த 50 மி.கி.தான், மற்றவர்கள் 100-இல் தொடங்குவார்கள். முதுகுவலியே வராது என்று சொல்லமாட்டேன். சிலருக்கு இதிலும் வருகிறது, ஆனால் கொஞ்சம் பேருக்குத்தான்.

அவனாஃபிலின் பெரிய பெயர் வேகத்தால் வந்தது. 100, 200 மி.கி. அளவில் 15 நிமிடத்திலேயே பலன் தொடங்கலாம் என்பது உண்மை. 50 மி.கி.க்கு அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டோடு போடலாம் என்று மருந்துக் குறிப்பில் இருப்பதும் உண்மை. ஆனால் எண்ணெயும் கொழுப்பும் நிறைந்த உணவுக்குப் பிறகு உச்சம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகும். 15 நிமிடம் என்ற பேச்சு வயிறு லேசாக இருக்கும்போதுதான் செல்லும். முதல் தடவை அரை வயிறு சாப்பிட்டு, ஒன்றரை இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டுப் பாருங்கள்.

வார்டெனாஃபில் இரண்டாவது தேர்வாக இருக்கலாம், விழுங்கும் 5 மி.கி. மாத்திரையாக. அதற்கு முன் ஒரு விஷயம் பார்க்க வேண்டும். அது இசிஜியில் க்யூடி இடைவெளி என்று சொல்லும் பகுதியைச் சிறிதளவு நீட்டக் கூடியது. பிறவியிலேயே அந்த இடைவெளி நீண்டவர்களும், இதயத் துடிப்பு சீராக்க அமியோடரோன், சோட்டலால் போன்றவை எடுப்பவர்களும் வார்டெனாஃபிலைத் தொடக் கூடாது. சமீபத்தில் இசிஜி எடுக்காமல் இருந்தால் தொடங்குமுன் மருத்துவரிடம் காட்டி ஒன்று எடுத்துக்கொள்வது நல்லது.

டடாலஃபிலையும் முழுதாகத் தூக்கிப் போட வேண்டாம். உங்களுக்கு வேலை செய்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 20-இல் வலி வந்தவருக்கு 5 மி.கி. தினசரி அளவில் வலி வரும் வாய்ப்பு குறைவு, அதே 5 மி.கி. புராஸ்டேட் வீக்கத்தின் சிறுநீர்த் தொந்தரவுக்கும் அங்கீகரிக்கப்பட்ட மருந்து. டாம்சுலோசினைக் குறைத்து அல்லது நிறுத்தி அதை வைத்துப் பார்க்கலாமா என்று உங்கள் சிறுநீரக மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக டாம்சுலோசினை நிறுத்த வேண்டாம். சில நாள் நிறுத்தி மீண்டும் தொடங்கினால் முதல் சில நாள் இரத்த அழுத்தம் இறங்கும் ஆபத்து திரும்ப வரும், அந்த நாட்களில் விறைப்பு மாத்திரையையும் போட்டால் இரட்டை ஆபத்து.

முதல் இரவை எப்படிச் செய்வது

இதை உங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் செய்ய வேண்டும். டாம்சுலோசினை ஒரே அளவில் தவறாமல் எடுத்துவருவது உங்களுக்குச் சாதகம். மாத்திரை போடாத ஒரு நாளில் ஐந்து நிமிடம் படுத்திருந்து இரத்த அழுத்தம் பாருங்கள், பிறகு எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் எந்த விறைப்பு மாத்திரையையும் தொடங்காமல் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அந்த எண்கள் சரியாக இருந்தால் அவனாஃபில் 50-ஐ ஒரு முறை, மதுவே இல்லாமல், அவசரம் இல்லாத ஒரு நாளில் போடுங்கள். அரை மணி நேரத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று இரண்டாவதைத் தொடாதீர்கள். 24 மணி நேரத்துக்கு ஒன்றுதான். அதே நாளில் சில்டெனாஃபிலையோ டடாலஃபிலையோ சேர்க்கக் கூடாது. இந்த மாத்திரைகள் தாமாக விறைப்பைக் கொண்டுவருவதில்லை, தொடுதலும் ஆசையும் சேர்ந்தால்தான் வேலை செய்யும். மாத்திரையைப் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவருக்கு எந்த மருந்தும் பலன் தராது. தலை சுற்றினால் படுத்துக் காலைச் சற்று உயர்த்தி வையுங்கள். இரவில் எழும்போது ஒரு நிமிடம் கட்டிலிலேயே உட்கார்ந்து எழுந்திருங்கள்.

ஒரு முறை பலன் குறைவாக இருந்தது என்று அடுத்த மருந்துக்குத் தாவ வேண்டாம். வெவ்வேறு நாட்களில் ஆறு தடவையாவது சரியான முறையில் போட்டுப் பார்த்த பிறகுதான் ஒரு மருந்தை வேலை செய்யவில்லை என்று ஒதுக்க வேண்டும். முதல் சில முறை தொந்தரவு இல்லாமல் பலன் மட்டும் போதவில்லை என்றால் மருத்துவர் 100-க்குக் கூட்டலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். டாம்சுலோசின் எடுப்பவர்களில் சிலருக்கு விந்து குறைவாக வரும் அல்லது வெளியே வரவே வராது. அதை விறைப்புக் குறைவு என்று எண்ணி அளவைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. இந்த மாத்திரைகள் எதுவும் அதைச் சரிசெய்யாது.

இவை இருந்தால் எந்த மாத்திரையும் வேண்டாம்

நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரின், ஐசோசார்பைட் போன்ற நைட்ரேட் மருந்து எடுப்பவர், நிக்கோரண்டில் அல்லது ரியோசிகுவாட் எடுப்பவர் இந்த நான்கில் ஒன்றையும் தொடக் கூடாது. இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கும். நீங்கள் இவற்றை எழுதவில்லை, ஆனாலும் வீட்டிலுள்ள மருந்துப் பெட்டியை ஒரு முறை பாருங்கள். கடந்த ஆறு மாதத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவரும் மருத்துவரிடம் பேசாமல் தொடங்கக் கூடாது. உறவின்போது நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்தி, அவசர உதவிக்கு வருபவரிடம் எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். நைட்ரேட் கொடுக்க அவர்கள் அவனாஃபிலுக்குக் குறைந்தது 12 மணி நேரமும், சில்டெனாஃபிலுக்கும் வார்டெனாஃபிலுக்கும் 24 மணி நேரமும், டடாலஃபிலுக்கு 48 மணி நேரமும் காத்திருக்க வேண்டியிருக்கும். அந்த ஒரு பதில் உயிரைக் காப்பாற்றும்.

பூஞ்சைத் தொற்றுக்குக் கீட்டோகோனசோல், இட்ராகோனசோல், சில நுண்ணுயிர்க் கொல்லிகளில் கிளாரித்ரோமைசின் ஆகியவை அவனாஃபிலை உடம்பில் பல மடங்கு கூட்டிவிடும். இவற்றை எடுக்கும் நாட்களில் அவனாஃபில் வேண்டாம். புதிதாக எந்த மருந்து எழுதினாலும் இதையும் எடுக்கிறேன் என்று சொல்லுங்கள். ஒரு கண்ணில் அல்லது ஒரு காதில் திடீரென்று பார்வையோ கேட்கும் திறனோ போனால், விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் அடங்காமல் நின்றால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அவனாஃபிலும், 5 மி.கி. வார்டெனாஃபிலும், குறைந்த அளவு சில்டெனாஃபிலும் ஒத்துவராமல் போனாலும் வழி அடைபடவில்லை. வெற்றிடக் கருவி என்ற பம்பும், ஆண்குறியில் போடும் அல்ப்ரோஸ்டாடில் ஊசியும் இருக்கின்றன. ஊசி போடும் முறையையும் அளவையும் மருத்துவர் முன்னிலையில் ஒரு முறை கற்றுக்கொண்ட பிறகே வீட்டில் தொடங்க வேண்டும். அவனாஃபிலை ஆறு தடவை போட்டுப் பார்த்த பிறகு என்ன நடந்தது, எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்குப் போட்டீர்கள், எந்தத் தொந்தரவு எவ்வளவு நேரம் இருந்தது என்று ஒரு தாளில் குறித்து உங்கள் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அடுத்த படி எது என்பதை அந்தத் தாளைப் பார்த்து அவரால் சொல்ல முடியும்.